பழைய வினாத்தாள்களிலிருந்து தொகுப்பு செய்தபோது சறுக்கிய இடம்

டர்பன் கணக்கு டீச்சர்: பன்னிரண்டாம் வகுப்புக்கு, ஐந்து வருட நவம்பர் வினாத்தாள்களிலிருந்து முதல் தாளுக்கு 75 மதிப்பெண் தொகுப்பு ஒன்று செய்தேன். உண்மைத் தாளில் 150, அதில் பாதி. தலைப்புக் கணக்கு சரியாகத்தான் இருந்தது: சார்புகளும் வரைபடமும் 17, வகைநுண்கணிதம் 18, மற்றவையும் அப்படியே பாதி. பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் செப்டம்பர் டிரயல் தேர்வில் பலருக்கு மதிப்பெண் சரிந்தது.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். சார்புகளில் நான் எடுத்ததெல்லாம் 'வெட்டுப்புள்ளி காண்க' ரகம். f(x).g(x) ≥ 0 எங்கே என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை. கடினமானவை எல்லாம் வகைநுண்கணிதத்தில் குவிந்திருந்தன. அதைத் தொடாமல் விட்டவன்கூட 'நமக்கு எல்லாம் வருகிறது' என்று நம்பிவிட்டான்.

இப்போது கட்டம் போடுகிறேன். தலைப்பு கீழே கீழே, நான்கு கடினநிலை பக்கவாட்டில். 75க்கு நிலைவாரியாக 15, 26, 23, 11 வர வேண்டும். முக்கியமாக, அந்த 11 ஒரே தலைப்பில் விழக் கூடாது.

பீனிக்ஸ் சார்: இவ்வளவு வேலை எதற்கு டீச்சர்? ஒவ்வொரு கேள்வியிலும் கடைசி உட்பிரிவுதான் கடினம். அதை மட்டும் வெட்டி எடுங்கள்.

டர்பன் கணக்கு டீச்சர்: பாதி சரி சார். ஆனால் வெட்டினால் வேறு வம்பு. f(x) = x³ + ax² + bx, (3; 0) ஒரு திருப்புப்புள்ளி, a = −6, b = 9 என நிறுவுக என்பது முதல் பிரிவு என்று வையுங்கள். நான் அதை விட்டுவிட்டு, f(x) = k-க்கு மூன்று வேறு தீர்வு வர k என்ன என்பதை மட்டும் ஒட்டினேன். a, b தெரியாமல் வகுப்பே விழித்தது. சரி, மதிப்பைக் கொடுத்தால் (1, 4), (3, 0) கிடைத்து 0 < k < 4 வந்துவிடும். ஆனால் நிறுவும் பகுதியின் மதிப்பெண் போய்விடுகிறதே, அதற்கு ஈடு எங்கிருந்து?

சாட்ஸ்வர்த் அப்பா: விடைக்குறிப்பையும் சேர்த்துத் தருவீர்களா? என் மகள் அதைப் பார்த்தே எழுதிவிடுகிறாள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா: அது வேறு தலைவலி அண்ணா! டீச்சர், நிலையை நம் கண்ணால் மட்டும் போடாதீர்கள். கல்வித் துறை ஆண்டுதோறும் விடும் ஆய்வறிக்கையில், மாதிரிக்கு எடுத்த விடைத்தாள்களை வைத்துக் கேள்விவாரி சராசரி இருக்கும். நான் எளிது என்று நினைத்த நிகழ்தகவுக் கேள்வி அங்கே அடிமட்டத்தில் கிடந்தது.

பீனிக்ஸ் சார்: அது நாடு முழுவதற்கும் உள்ள சராசரி. என் வகுப்புக்கு அது பொருந்துமா?

டர்பன் கணக்கு டீச்சர்: தெரியாது சார். டிரயல் தாள்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன், இன்னும் 30 தாள் பாக்கி.