அப்பாவின் காபிக்குப் பிரவுன் சுகர் வாங்கிய கதை

தென்காசி மகள்

அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். குறைக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சரி, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் பிரவுன் சுகராவது போடட்டும் என்று நான்தான் வாங்கி வைத்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் அளவு முன்பைவிட ஏறியிருந்தது. "நல்ல சர்க்கரைதானே சாப்பிடுகிறேன்" என்று அவர் கேட்க, எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு சந்தேகத்தில் சமையலறைத் தராசை எடுத்தேன். அவர் கையாலேயே அள்ளச் சொல்லிப் பத்து ஸ்பூன் நிறுத்துப் பார்த்தேன். வெள்ளை 52 கிராம், பிரவுன் 65 கிராம்! பிசுபிசுப்பாக இருப்பதால் ஸ்பூன் மேல் கோபுரம் மாதிரி நிற்கிறது, சரிந்து விழுவதில்லை. ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூன் என்றால் 8 கிராம் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. போதாததற்கு, நல்லது என்ற தைரியத்தில் சாயங்காலம் பாயசமும் கேட்க ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீடுகளில் யாருக்காவது பிரவுன் சுகரால் நிஜமாகவே பலன் தெரிந்ததா?

வெல்லமண்டி

நாட்டுச்சர்க்கரையைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும்தான் வீட்டில். தாத்தா 91 வயது வரை வயலுக்குப் போனார்.

தென்காசி மகள்

அண்ணா, நான் சொன்னது நாட்டுச்சர்க்கரை இல்லை. பாக்கெட்டில் ஈர மணல் மாதிரி வருமே, அது.

ஆலைக்காரர்

சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டும் வேறு வேறு. நாட்டுச்சர்க்கரையில் சாறு முழுவதையும் காய்ச்சி இறக்குகிறார்கள், பாகு பிரிவதே இல்லை. ஆலையில் சாறு சுண்டி மணி பிடித்ததும், வேகமாகச் சுழலும் துளை போட்ட கூடையில் விடுவோம். மணி கூடையில் நிற்கும், பாகு வெளியே தெறிக்கும். அந்தப் பாகைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி, இனி மணி எடுத்தால் கட்டாது என்ற நிலையில் மிஞ்சும் கறுப்புத் திரவம்தான் மொலாசஸ். நாங்கள் கழிவுப்பாகு என்போம். பெயர்தான் கழிவு. அதில் பாதிக்குப் பக்கம் சர்க்கரைதான், அதனால்தான் சாராய ஆலைக்காரர்கள் டேங்கரோடு வந்து நிற்பார்கள்.

கடையில் கிடைக்கும் பிரவுன் சுகரில் பெரும்பகுதி, வெள்ளையாகச் சுத்திகரித்த சர்க்கரையில் உணவுத் தரமான மொலாசஸைத் திரும்பப் பூசியது. வெளிர் நிறமென்றால் நூற்றுக்கு மூன்றரை பங்கு, அடர் நிறமென்றால் ஆறரை பங்கு, ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியெல்லாம் உங்கள் அப்பா முன்பு சாப்பிட்ட அதே சர்க்கரை. 100 கிராமுக்கு வெள்ளை 387 கலோரி, பிரவுன் 380. அந்தச் சின்ன வித்தியாசமும் பெரும்பாலும் அதிலுள்ள ஈரத்தால் வருவது.

மாடித்தோட்டம்

எனக்குப் பலன் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. வெள்ளையை ஒழித்துக்கட்டிப் பிரவுனுக்கு மாறினேன். மூன்று மாதத்தில் 11. மொலாசஸில் இரும்புச்சத்து இருக்கிறது, அது பொய்யில்லையே?

ஆலைக்காரர்

பொய்யில்லை அம்மா. 100 கிராம் மொலாசஸில் 4.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால் நீங்கள் சாப்பிட்டது மொலாசஸ் இல்லையே, அதைத் தொட்டு வைத்த சர்க்கரை. 100 கிராம் பிரவுன் சுகரில் 0.7 மில்லிகிராம்தான். நாளைக்கு 30 கிராம் போட்டாலும் 0.2. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. அதில் 10 மில்லிகிராமைப் பிரவுன் சுகரிலேயே எடுக்கலாம் என்றால் தினமும் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் தின்ன வேண்டும்.

கால்சியம் விஷயத்தில் ஒரு வேடிக்கை. சாற்றைத் தெளிய வைக்க நாங்கள் சுண்ணாம்புப் பால் ஊற்றுவோம். அதில் ஒரு பங்கு கடைசியில் மொலாசஸில் போய்த் தங்கும். ஆக, பாக்கெட்டில் பெருமையாகப் போடும் கால்சியத்தில் கொஞ்சம் கரும்பு தந்தது, கொஞ்சம் எங்கள் சுண்ணாம்புத் தொட்டி தந்தது. அப்படியும் 30 கிராம் பிரவுன் சுகரில் 25 மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் பாலில் அதைப் போல எட்டு ஒன்பது மடங்கு இருக்கிறது.

தென்காசி மகள்

@மாடித்தோட்டம் அக்கா, அந்த மூன்று மாதத்தில் மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா?

மாடித்தோட்டம்

டாக்டர் கொடுத்தார். சாப்பிட்டேன்தான். ஆனால் முன்பும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், அப்போது இப்படி ஏறவில்லை. என் உடம்பு எனக்குத் தெரியும்.

இரவுப் பணி

மாமியாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. யாரோ நல்லதென்று சொல்லி ஒரு பாட்டில் மொலாசஸ் கொண்டு வந்து கொடுத்தார்கள். உணவு ஆலோசகர் பார்த்ததும் வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார். காரணம் பொட்டாசியம். 100 கிராமில் 1,400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதாம். பிரவுன் சுகர் ஒரு ஸ்பூனில் அது பெரிதில்லை, மொலாசஸை டானிக் மாதிரி தினமும் குடிப்பதுதான் ஆபத்து என்றார். சிறுநீரகக் கோளாறு இருக்கும் வீடுகளில் கவனம்.

மட்டக்களப்பு

எங்கட பக்கம் சிவப்புச் சீனி என்று விற்கும். தேத்தண்ணிக்கு அதுதான் ருசி. அதுவும் சாயம் பூசினதோ, ஐயா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஆலைக்காரர்

ஆலையிலேயே அரைகுறையாகச் சுத்தம் செய்து விடும் பழுப்புச் சர்க்கரையும் உண்டு, பூசியதும் உண்டு. வீட்டில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தண்ணீரில் கழுவினால் மணி கரைந்துவிடும். அதனால் வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் அளவு கரைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கிய மணியை விட்டுவிட்டுத் தெளிந்த பாகை மட்டும் எடுங்கள். உங்கள் சீனி இரண்டு ஸ்பூனை அதில் போட்டு மெல்லக் கிளறி, வடிகட்டியில் ஊற்றுங்கள். ஏற்கெனவே நிறைந்த பாகு என்பதால் மணி கரையாது, மேலே ஒட்டிய மொலாசஸ் மட்டும் கழன்று வரும். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். மணி பளிச்சென்று வெளுத்தால் பூசியது. உள்ளுக்குள்ளேயே மஞ்சள் நின்றால் ஆலைப் பழுப்பு. ஆனால் எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் போய்ச் செய்யும் வேலை ஒன்றுதான்.

கேக் அம்மணி

மொலாசஸ் என்ன தருகிறது என்று என்னைக் கேளுங்கள். குக்கீஸை வெள்ளையில் செய்தால் மொறுமொறு, பிரவுனில் செய்தால் நடுவில் மெத்தென்று நிற்கும். மொலாசஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, லேசான புளிப்பு இருப்பதால் சோடா உப்பையும் கிளப்பிவிடுகிறது. பிரவுன் தீர்ந்துவிட்டால் ஒரு கப் வெள்ளைக்கு ஒரு மேஜைக்கரண்டி மொலாசஸ் பிசறிக்கொள்வேன். சத்துக்காக இல்லை, வாசனைக்காக.

வெல்லமண்டி

அப்போ நாட்டுச்சர்க்கரையில் பாகு முழுசாக இருக்கிறது என்று சாரே சொல்லிவிட்டார். நான் சொன்னது சரிதானே?

ஆலைக்காரர்

பாகு இருக்கிறது தம்பி, பிரவுன் சுகரைவிடத் தாதுச்சத்தும் கூடுதல்தான். ஆனால் அதிலும் நூறில் எண்பதுக்கு மேல் சர்க்கரை. சர்க்கரை நோய்க்காரருக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். தாத்தா வயலுக்கு நடந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு

செய்து பாத்தன் ஐயா. மூண்டு தரம் கழுவியும் சில மணி வெள்ளை, சில மணி மஞ்சள். கலந்து விக்கினமோ, நான்தான் வடிவாய்க் கழுவேல்லையோ தெரியாது.

தென்காசி மகள்

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு என்றதும் "ஓகோ, வெற்றிலைக்குப் போடுவதைக் காபியில் போட்டிருக்கிறாயா" என்றார். இப்போது வெள்ளைதான், ஸ்பூனை வழித்துச் சமமாக ஒன்றே ஒன்று. மீதி அரைக் கிலோ பிரவுன் கல்லாக இறுகிக் கிடக்கிறது. @கேக் அம்மணி அதை என்ன செய்வது?

கேக் அம்மணி

டப்பாவுக்குள் ஒரு துண்டு பிரெட் போட்டு மூடி வை. மறுநாள் இளகிவிடும். பிறகு முகவரி அனுப்புகிறேன், எனக்குப் பார்சல் போடு.