ஆச்சி வீட்டுக் குழு: ஜெனியின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

ஜெனி, மாலை 6:40
அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறன்று வாலிபர் கூட்டத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு எழுப்புதலைப் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டும். "ஃபிலடெல்ஃபியாவில் முப்பதாயிரம் பேர் ஒலிபெருக்கி இல்லாமலே ஜார்ஜ் விட்ஃபீல்டின் பிரசங்கத்தைக் கேட்டார்கள்" என்று தொடங்கலாமா?

கிரேஸ் அத்தை, 6:44
நன்றாக இருக்கிறது. திறந்தவெளிப் பிரசங்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஜான் வெஸ்லி என்பதையும் மறக்காமல் சொல்.

செல்வின் பெரியப்பா, 6:59
கிரேஸ், உன் மாமனார் வீட்டு மெதடிஸ்ட் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெஸ்லி அந்த வேலைக்குத் தயங்கித் தயங்கித்தான் வந்தார். பிரிஸ்டலில் ஆலயக் கதவுகள் தமக்குச் சாத்தப்பட்டு வந்த நேரத்தில், 1739 பிப்ரவரி 17 அன்று, ஜெனி சொல்லும் இந்த விட்ஃபீல்டுதான், 24 வயதுக் குருவானவராக, ஊருக்கு வெளியே கிங்ஸ்வுட்டுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே நின்று பேசினார். முதல் நாள் வந்தவர்கள் சுமார் இருநூறு பேர். சில வாரங்களில் அது ஆயிரக்கணக்கானது. கரி அப்பிய கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு இழுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தாம் வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்ததால்தான் அவர் வெஸ்லியை வரவழைத்தார். ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்கள் இரட்சிக்கப்படுவதே ஏறக்குறைய பாவம் என்று எண்ணியிருந்த வெஸ்லி, ஏப்ரல் 2 அன்றுதான் பிரிஸ்டலில் முதல்முறையாக வெளியில் நின்று பிரசங்கித்தார்.

கிரேஸ் அத்தை, 7:03
யார் தொடங்கினால் என்ன, அண்ணா? நிலைத்து நின்றது வெஸ்லியின் வேலைதானே.

செல்வின் பெரியப்பா, 7:06
அதில் பாதி உண்மை இருக்கிறது. வெஸ்லி கேட்க வந்தவர்களைச் சிறு குழுக்களாகக் கட்டினார். விட்ஃபீல்டு விதைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ராஜன் சித்தப்பா, 7:08
போன வருடக் கன்வென்ஷனில் நான் நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வைத்தும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று என்னைத்தானே எல்லோரும் திட்டினீர்கள்! ஒரு மனிதக் குரல் முப்பதாயிரம் பேருக்கு எப்படிக் கேட்கும்?

ஜெனி, 7:10
பெஞ்சமின் ஃபிராங்க்ளினே அத்தனை பேரை எண்ணியதாகப் படித்தேன், சித்தப்பா.

செல்வின் பெரியப்பா, 7:24
அவர் ஆட்களை எண்ணவில்லை, ஜெனி; குரல் எட்டும் தூரத்தை அளந்தார். விட்ஃபீல்டு நீதிமன்றப் படிக்கட்டின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஃபிராங்க்ளின் மார்க்கெட் தெரு வழியே ஆற்றை நோக்கிப் பின்னால் நடந்துகொண்டே போனார். ஃப்ரண்ட் தெருவின் இரைச்சல் குறுக்கிடும்வரை குரல் தெளிவாகக் கேட்டது. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டு, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்கும் என்றார். அதாவது கேட்கக்கூடியவர்களின் கணக்கு அது; வந்தவர்களின் கணக்கு அல்ல. அன்றைய ஃபிலடெல்ஃபியாவின் மொத்த ஜனத்தொகையே அதற்கு வெகுதூரம் கீழே இருந்தது.

டேனியல், 7:31
துபாயிலிருந்து வணக்கம். ஆளுக்கு இரண்டு சதுர அடி என்றால் 60,000 சதுர அடி. அரைவட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 195 அடி வருகிறது. ஆனால் இரண்டு சதுர அடியில் மனிதர்கள் தோளோடு தோள் நசுங்கித்தான் நிற்க முடியும். ஐந்து சதுர அடி கொடுத்தால் அதே இடத்தில் பன்னிரண்டாயிரம் பேர்தான் நிற்பார்கள்.

ராஜன் சித்தப்பா, 7:32
அப்படியானால் எங்கள் கன்வென்ஷன் நோட்டீஸில் போட்ட இருபதாயிரத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல், மாப்பிள்ளை.

அம்மா, 7:35
சண்டையைக் கிளப்பாதீர்கள். ஞாயிறன்று ஆச்சியைக் காரில் கூட்டிவரப் போவது யார்?

ஜெனி, 7:37
பெரியப்பா, தொலைபேசி இல்லாத காலத்தில் அவர் வருவது ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது?

செல்வின் பெரியப்பா, 7:52
பத்திரிகைகள்தான். அவர் வருவதற்கு முன்பே அவருடைய நாட்குறிப்பும் பிரசங்கங்களும் அச்சாகிவிடும். ஃபிராங்க்ளினே அச்சிட்டு விற்றவர். கனெக்டிகட்டில் நேதன் கோல் என்ற விவசாயி, 1740 அக்டோபர் 23 காலையில், மிடில்டவுனில் விட்ஃபீல்டு பேசப் போகிறார் என்ற செய்தி கிடைத்ததும் கையிலிருந்த கருவியை வயலிலேயே போட்டுவிட்டு ஓடினார். மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒரே குதிரையில் பன்னிரண்டு மைல் விரைந்தார். குதிரை மூச்சிரைத்தபோது மனைவியை மட்டும் போகச் சொல்லிவிட்டு, தம் மூச்சு முட்டும்வரை பக்கத்தில் ஓடினார். தூரத்தில் ஆற்றுப் பனி என்று அவர் நினைத்தது, சாலையில் வந்த குதிரைகள் கிளப்பிய புழுதி. அவ்வளவு கூட்டத்திலும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

ஜெனி, 7:55
அப்படியானால் முப்பதாயிரத்தை விட்டுவிட்டு அந்தப் புழுதியில் தொடங்குகிறேன். விட்ஃபீல்டு ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டமாக்க வாதாடியதையும் சொல்லலாமா?

அம்மா, 7:56
ஐயர் முன்வரிசையில் இருப்பார். அதை விட்டுவிடு.

கிரேஸ் அத்தை, 7:58
ஏன் விட வேண்டும்? வெஸ்லி அடிமை முறையை எதிர்த்து 1774-இல் எழுதியதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

செல்வின் பெரியப்பா, 8:01
இரண்டையும் சொல்ல வேண்டும். நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

டேனியல், 8:02
பெரியப்பா, தாத்தா அடக்க ஆராதனையில் நீங்கள் பேசிய ஐம்பது நிமிடம் எங்களுக்கு நினைவிருக்கிறது. இவளுக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம்.

அம்மா, 8:10
ஆச்சியை யார் கூட்டிவருகிறார்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.