குக்கருக்கு மாறியும் சிலிண்டர் ஒரு நாள்தான் கூட வருகிறது: பருப்பில் எங்கே தப்பு?

கோதை:
வணக்கம். தினமும் 200 கிராம் துவரம்பருப்பு வேகவைப்போம். முன்பு திறந்த அலுமினியப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, கொதி வந்தபின் முக்கால் மணி நேரம் வேகும். இப்போது 3 லிட்டர் அலுமினியக் குக்கர், 600 மில்லி தண்ணீர், 8 விசில். குக்கரில் வைத்தால் பாதிக்குப் பாதி கேஸ் மிச்சம் என்றார்கள். ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் முன்பு 40 நாள் வந்தது, இப்போது 41 நாள்தான். மற்ற சமையலில் ஒரு மாற்றமும் இல்லை. குக்கரில் கோளாறா, இல்லை சொன்னதே தப்பா?

சுடுதண்ணி:
சொன்னதுதான் தப்பு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கரில் 120 வரை ஏற்றணும். போதாததற்கு ஒன்றரைக் கிலோ குக்கரையும் சேர்த்துச் சூடாக்கணும். அப்போ சூடு குக்கருக்குத்தான் அதிகம் வேணும். மிச்சமாவது நேரம் மட்டும்தான், கேஸ் இல்லை.

மலைக்காரி:
கோதை அக்கா, எங்க ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் முழுசா மசியாது. குக்கர்தான் கதி. உங்க பருப்பு பழசா இருக்கும், மாற்றிப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
மலைக்காரி சொல்வது வேறு பிரச்சினை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு இழுக்கிறது. கோதைக்குப் பருப்பு வேகிறது, கேஸ்தான் மிச்சமாகவில்லை.

சுடுதண்ணி சொன்னதில் முதல் பாதி சரி. கொதி வரும்வரை மட்டும் பார்த்தால் குக்கர் கொஞ்சம் அதிகமாகவே தின்னும். திறந்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், பருப்பு, பாத்திரம் மூன்றையும் 30 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்ற சுமார் 360 கிலோஜூல். குக்கரில் 600 மில்லியையும் பருப்பையும் குக்கரையும் 120-க்கு ஏற்ற சுமார் 380.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. கொதி வந்தபின் பருப்புக்கு வேண்டியது அந்தச் சூட்டில் இருப்பது மட்டும்தான். மேற்கொண்டு எரிகிற கேஸில் பெரும்பகுதி ஆவியாகப் போகிறது. ஒரு கிராம் தண்ணீரை 30-லிருந்து 100-க்கு ஏற்ற 0.29 கிலோஜூல் போதும். அதே கிராமை ஆவியாக்க 2.26 வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. முக்கால் மணி நேரக் கொதியில் 400 கிராம் ஆவியானால் அதற்கே 900 கிலோஜூல். பாத்திரத்தின் பக்கவாட்டில் போகும் சூடு சுமார் 160. எல்லாம் சேர்த்துத் திறந்த பாத்திரத்துக்கு 1,420.

குக்கரில் 20 டிகிரி கூடினால் வேகும் வேகம் ஏறக்குறைய நாலு மடங்கு. 45 நிமிஷம் 10, 12 நிமிஷமாகிறது. அதற்குள் உடம்பு வழியே போகும் சூடு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி 40 கிராம் போனால் 90. மொத்தம் 590.

ஒரு கிராம் கேஸில் 46 கிலோஜூல் இருக்கிறது. அதில் அறுபது சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று கொண்டால் கிராமுக்குச் சுமார் 27. அப்படியானால் திறந்த பாத்திரத்துக்கு 52 கிராம், குக்கருக்கு 22. நாளைக்கு 30 கிராம் மிச்சம்.

உங்கள் வீட்டில் நாளைக்கு 355 கிராம் செலவு. அதில் 30 குறைந்தால் சிலிண்டர் 43, 44 நாள் வரும். பாதிக்குப் பாதி என்பது பருப்புப் பங்கில் மட்டும்தான், சிலிண்டரில் இல்லை. மிச்சச் சமையல் பருப்பைவிடப் பல மடங்கு பெரியது. இருந்தாலும் உங்களுக்கு 41 என்றால் இன்னும் இரண்டு, மூன்று நாள் எங்கேயோ போகிறது. 8 விசிலும் பெரிய தீயிலா? சமையலறைத் தராசு இருக்கிறதா?

கோதை:
ஆமாம் சார், எட்டும் பெரிய தீயில்தான். தராசு இருக்கு, என்ன செய்யணும்?

கணக்குப்பிள்ளை:
பருப்பு, தண்ணீர், மூடி, வெயிட் எல்லாம் போட்டு மூடி, அடுப்பில் வைக்கும் முன் எடை பாருங்கள். அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கியபின் திறக்காமல் மறுபடி பாருங்கள். தராசில் மடித்த துணி போட்டு, அதன் எடையைக் கழித்துவிட்டு வைக்கவும். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஆவியாகப் போனது. குக்கர் பெரிய தீயில் விசில் அடிக்கும்போது உள்ளே சூடு கூடாது, ஆவி மட்டும் கூடும்.

சுடுதண்ணி:
கேஸ்கட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். விசிலுக்கு முன்னாடியே மூடி ஓரத்தில் ஆவி சீறுதா, தண்ணீர் முத்து முத்தாக வழியுதா என்று பாருங்க அக்கா. வழிந்தால் புதுசு மாற்றணும்.

கோதை:
பார்த்தேன். ஓரம் காய்ந்தே இருக்கு. வைக்கும்போது 2,310 கிராம், அணைத்து இறங்கினபின் 2,060. கால் கிலோ போயிருக்கு! பருப்பு அடியில் பிடித்ததும் இதனால்தானா?

கணக்குப்பிள்ளை:
அதேதான். 250 கிராம் ஆவி என்றால் 565 கிலோஜூல், கிட்டத்தட்ட 20 கிராம் கேஸ். குக்கருக்கு 22 ஆக வேண்டியது 40-ஆகிவிட்டது. மிச்சம் 12 கிராம்தான், 41 நாள் கணக்குச் சரியாக வருகிறது.

நாளை முதல் விசில் வந்ததும் சிறிய பர்னருக்கு மாற்றி, சிம்மில் வையுங்கள். வெயிட் மெல்ல நடுங்கி, லேசாகச் சீறிக்கொண்டு இருக்கணும், விசில் அடிக்கக்கூடாது. அடித்தால் தீ இன்னும் அதிகம். சீறலே நின்றுவிட்டால் தீ போதவில்லை. 8 நிமிஷம் கழித்து அணைத்து, வெயிட்டைத் தூக்காமல் விடுங்கள். 120-லிருந்து இறங்கும் அந்தச் சூட்டிலேயே பருப்பு இன்னும் வேகும். வெயிட்டைத் தூக்கினால் அந்தச் சூடு இருபது கிராமுக்கு மேல் ஆவியாகி வீணாகும்.

கோதை:
செய்தேன் சார். 2,310-லிருந்து 2,265. 45 கிராம்தான் போச்சு. பருப்பு மசிந்தது, ஆனால் ரொம்பத் தண்ணியா இருக்கு.

கணக்குப்பிள்ளை:
ஆவியாகப் போக ஊற்றிய தண்ணீர் இப்போது உள்ளேயே நிற்கிறது. 450 மில்லியாகக் குறையுங்கள், அதைச் சூடாக்கும் கேஸும் மிச்சம். அதற்கும் கீழே போகாதீர்கள். உள்ளே வற்றினால் பருப்பு தீயும், சேஃப்டி வால்வும் உருகும். பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, நுரை வென்ட் குழாயை அடைக்கும்.

சுடுதண்ணி:
ஒன்று கேட்கிறேன். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டு, பாத்திரத்திலேயே சிம்மில் வைத்தால்? 25 நிமிஷத்தில் வேகும், ஆவியும் 150 கிராமுக்கு மேல் போகாது. உங்க கணக்குப்படியே 29 கிராம் கேஸ்தான் வருது. குக்கருக்கு 22. வித்தியாசம் 7 கிராம்!

கணக்குப்பிள்ளை:
சரிதான். குக்கரின் லாபம் பாதிக்கு மேல் மூடியிலும் சிறு தீயிலும்தான் இருக்கிறது. ஆனால் மூடினால் பருப்பு பொங்கும், மூடியைச் சற்றே திறந்து வைக்கணும், அப்போது அந்த 150 கிராம் நிற்குமா? ஊறவைத்தபின் குக்கரிலும் நேரம் குறையுமே. எடை போட்டுச் சொல்லுங்கள்.

மலைக்காரி:
அதை எங்க ஊரில் போட்டுப் பார்க்காதீங்க, 25 நிமிஷத்தில் பருப்பு கல்லு மாதிரி இருக்கும்.

சுடுதண்ணி:
நாளைக்குத் தராசில் வைத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்.