கடின போர்வெல் தண்ணீருக்கு எந்த சுத்திகரிப்பான்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் போர்வெல் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். டி.டி.எஸ். 1150, கடினத்தன்மை 480 பிபிஎம். கிருமி இல்லை. கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிகிறது, நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது.

முதலில் யூ.வி. வாங்கலாம் என்றுதான் இருந்தோம். அது கிருமியை மட்டுமே கொல்லும், கரைந்திருக்கும் உப்பைத் தொடாது என்று பிறகுதான் தெரிந்தது. யூ.எஃப்.பும் உப்பைத் தொடாது. ஆக, ஆர்.ஓ. தவிர வழியில்லை.

சரி, அதன் பராமரிப்புதான் கவலை. உறவினர் வீட்டில் இதே மாதிரி தண்ணீர். இரண்டு மூன்று வருடம் வர வேண்டிய மெம்பரேன் பத்தே மாதத்தில் போய்விட்டது. முதலில் தண்ணீர் வரும் வேகம் குறைந்தது, அப்புறம் சுத்திகரித்து வரும் தண்ணீரில் 80 இருந்த டி.டி.எஸ். 210 ஆனது. கழற்றினால் உள்ளே சுண்ணாம்புப் படிவு. வண்டல் ஃபில்டரையும் கார்பனையும் ஒழுங்காக மாற்றியும் இந்த நிலை, ஏனென்றால் அவை கரைந்த சுண்ணாம்பைப் பிடிக்காது.

இரண்டு வழி தெரிகிறது. ஆர்.ஓ.வுக்கு முன்னால் படிவு தடுக்கும் கார்ட்ரிட்ஜ் போட்டு அவ்வப்போது மாற்றுவது. அல்லது சிறிய சாஃப்ட்னர் வைத்து உப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பது. சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது, ஆனால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் வருவதால் மெம்பரேனில் படியாது.

இந்த அளவு கடினத் தண்ணீரில் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறவர்கள், மெம்பரேன் எத்தனை மாதம் வந்தது, உப்புக்கோ கார்ட்ரிட்ஜுக்கோ வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது, கழிவுநீர் எவ்வளவு போகிறது என்று சொன்னால் பெரிய உதவி.