புதுப்பிப்பு: ஃபியூஸ் மூடிப் படம் புரிந்தது

முன்பு கேட்டது: "செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். மேனுவலில் இருந்த ஃபியூஸ் மூடிப் படத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். கட்டங்களில் உள்ள 10, 15, 30 என்ன? சார்ஜர் சாக்கெட் வேலை செய்யவில்லை."

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது சரி. அந்த எண், அந்த ஒயருக்கு அனுமதித்த ஆம்பியர் அளவு. நிறமும் அதையே சொல்லும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. படத்தில் சாக்கெட்டுக்கு 15. என் பெட்டியிலோ அந்த இடத்தில் மஞ்சள்! அதுவும் உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"20 இருந்தால் அடிக்கடி போகாது, அதையே போடுங்க" என்றார் ஒருவர். போகாதுதான், ஆனால் ஃபியூஸ் போவதற்கு முன்னாலேயே ஒயர் சூடாகிவிடும். காற்றடிக்கும் பம்ப் 150 வாட் என்றாலும் 12 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர்தான். 15 போதும்.

சாவியை அணைத்துவிட்டு நீலம் போட்டேன். போன் சார்ஜ் ஏறுகிறது. பம்ப்பை இன்னும் செருகிப் பார்க்கவில்லை. மஞ்சள் ஏன் வந்தது, 20-ஐயும் எது எரித்தது என்பது தெரியவில்லை. நீலமும் போனால் சாக்கெட்டுக்குள் நாணயமோ ஊக்கோ கிடக்கிறதா பார் என்றார் அண்ணன்.

ஹெட்லைட் பற்றிக் கேட்ட நண்பரே, உங்கள் காரின் மூடிப் படம் வேறாக இருக்கும். அதைப் போடுங்கள்.