உதவி: ‘நீரின்று அமையாது’ குறளில் நாலு இடத்தில் தளை தட்டுகிறது, ஏன்?

கோபி ஆசிரியை:
வணக்கங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலகிடக் கொடுக்க இணையத்திலிருந்து 20ஆம் குறளை எடுத்தேன்: ‘நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் / வானின்று அமையாது ஒழுக்கு’.

நீ/ரின்/று என்று பிரித்தால் தேமாங்காய் வருகிறது. அடுத்த சீர் ‘அமை’ என்று நிரையில் தொடங்குவதால், காய்முன் நிரை, கலித்தளை. அமை/யா/து என்பதும் காய், அதற்கடுத்த ‘உல’வும் நிரை. இரண்டாம் அடியிலும் இதே மாதிரி இரண்டு இடம். வெண்பாவில் கலித்தளை வரக்கூடாதே! எங்கே தவறுகிறேன்?

தமிழ்ப்பித்தன்:
குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதானுங்க. அதை அசையாக எண்ணவே கூடாது. று, து எல்லாத்தையும் அடிச்சுட்டு அலகிடுங்க, சரியா வரும்.

தாராபுரத்தார்:
இந்தக் குறளில் விடை சரியாக வந்துவிடும், ஆனால் காரணம் அது இல்லைங்க. 50ஆம் குறளில் ‘வாழ்வாங்கு வாழ்பவன்’ என்று வருகிறது. வாழ்/வாங்/கு காய்ச்சீர், அடுத்தது நேர், வெண்டளை. அங்கே ‘கு’வை அடித்தால் வாழ்/வாங் தேமா ஆகி, மாமுன் நேர் வந்து தளை கெட்டுவிடும். ஆகக் குற்றியலுகரம் எண்ணப்படும் எழுத்துதான். பின்னால் உயிர் வரும்போது மட்டும் அந்த உகரம் கெட்டு, மிஞ்சிய மெய் அடுத்த சொல்லின் உயிரில் ஏறிக்கொள்கிறது.

டீச்சர், நீங்கள் எடுத்தது படிக்கிறவர் வசதிக்காகச் சொல் பிரித்த பாடம். அலகிடுவதற்கு முன் அதைச் சேர்த்து எழுதுங்கள்:

நீரின் றமையா துலகெனின் யார்யார்க்கும்
வானின் றமையா தொழுக்கு

நீ/ரின் தேமா, அடுத்து றமை நிரை. றமை/யா புளிமா, அடுத்து துல நிரை. துல/கெனின் கருவிளம், அடுத்து யார் நேர். யார்/யார்க்/கும் காய், அடுத்து வா நேர். இரண்டாம் அடியில் வா/னின் மா, றமை/யா மா, இரண்டுக்கும் பின்னால் நிரை. கடைசியில் ‘தொழுக்கு’. அதற்குப் பின்னால் உயிர் இல்லாததால் உகரம் அப்படியே நின்று பிறப்பு என்னும் வாய்பாடாகிறது. எல்லா உகரத்தையும் அடித்தால் இந்த ஈற்றுச்சீரும் போய்விடும்.

றகரம் ஏறியதால் ‘அமை’ மாறவில்லை, ‘றமை’யும் நிரைதான். மாறுவது மெய்யை இழந்த முன்சீர். காயாக இருந்தது மாவாகிவிட்டது.

கோபி ஆசிரியை:
புரிந்ததுங்க. ஆனால் 66ஆம் குறளைப் ‘குழல்இனிது யாழ்இனிது என்ப’ என்று பிரித்த பாடத்திலேயே அலகிட்டேன், தளை தட்டவில்லை. அங்கே மட்டும் எப்படி?

தாராபுரத்தார்:
அது தற்செயலாகத் தப்பிப்பதுங்க. யா/ழினி/து காய். உகரம் கெட்டால் யா/ழினி, விளம். காய்க்கும் அடுத்து நேர்தான் வேண்டும், விளத்துக்கும் நேர்தான். அடுத்த சீர் ‘என்’ என்று நேரில் தொடங்குவதால் பிரித்தாலும் தளை கெடாது. 20ஆம் குறளில் உகரம் போனதும் மாச்சீர் ஆகிறது. மாவுக்கு நிரை வேண்டும், காய்க்கு நேர் வேண்டும், அதனால் அங்கே மாட்டிக்கொள்கிறது. தளை தட்டவில்லை என்பதை வைத்துப் பாடம் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

நொய்யல்:
நீங்க பேச்சு வழக்கைப் பத்தித்தானே கேட்கறீங்க? எங்க பக்கம் ‘வரோணும்’னு சொல்லுவோம். ஒரு வெண்பாவுல ‘வரவேண்டும் நீயிங்கே’னு இருந்ததை ‘வரோணும் நீயிங்கே’னு மாத்தினேன். தளை தட்டுதுன்னாங்க. ஆனா இன்னொரு இடத்துல ‘போகோணும் நீயிங்கே’னு எழுதினதுக்கு ஒண்ணும் சொல்லலை.

தாராபுரத்தார்:
கேள்வி வேறு, கணக்கு ஒன்றுதான். வர/வேண்/டும் காய், வரோ/ணும் மா. ஓர் அசை குறைந்துவிட்டது. இனி அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும், ‘வரோணும் உடனே’ என்று போட்டால் நிற்கும். ‘போகவேண்டும்’ ஒரே சீராக நின்றால் போ/கவேண்/டும், காய். ‘போகோணும்’ போ/கோ/ணும், அதுவும் காய். அதனால்தான் தட்டவில்லை. ‘போகணும்’ என்று எழுதினாலும் விளம், அதற்கும் நேர்தான் கேட்கும்.

தமிழ்ப்பித்தன்:
பேச்சு வடிவத்தை வெண்பாவில் ஏற்கலாமா என்பதே கேள்வி. எனக்கு ஒப்புதல் இல்லை.

நொய்யல்:
செப்பலோசை கெடாத வரைக்கும் எதுக்குங்க தடை?

கோபி ஆசிரியை:
ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பழைய பதிப்பு ஒன்றில் ‘குழலினி தியாழினி தென்பதம்’ என்று பார்த்தேன். தியா/ழினி என்று எண்ணினால் விளம்முன் நிரை வருகிறதே?

தாராபுரத்தார்:
அந்தத் ‘தி’ குற்றியலிகரம். யகரம் வந்ததால் உகரம் இகரமாகத் திரிந்திருக்கிறது. எண்ணினால் தளை கெடும் இடம் என்பதால் அதை விட்டுவிட்டு யா/ழினி என்றே அலகிடுங்கள். வகுப்பில் அப்படி அச்சிட்டுக் கொடுப்பதா, ‘யாழினி’ என்றே கொடுப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. நான் ‘தி’யோடு கொடுக்கச் சொல்வேன்.