அப்கிரேடு நடந்த இரவு, திரும்பி வர வழி இருந்ததா? உங்கள் அனுபவம்

இரவுப்பணி: எங்கள் மருத்துவமனையில் பில்லிங், லேப் எல்லாமே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 11-ஆம் பதிப்பில் ஓடின. ஒரு சனிக்கிழமை இரவு 15-க்கு மாற்றினோம். டேட்டாவை நகலெடுக்க நேரம் போதாது என்று `pg_upgrade --link` போட்டோம். அரை மணி நேரத்தில் முடிந்தது. காலை ஏழுக்குக் கவுண்டர் திறந்தது. எட்டு மணிக்கு ஒரு ரிப்போர்ட்டும் வரவில்லை, வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

திட்டத்தில் "சரிவராவிட்டால் பழையதை இயக்கவும்" என்று நானே எழுதியிருந்தேன். ஆனால் `--link` போட்டால் இரண்டுக்கும் ஒரே ஃபைல்கள்தான். புதியதை ஒருமுறை இயக்கிய பிறகு பழையதைத் தொடக்கூடாது. பேக்கப்பிலிருந்து மீட்க ஆறு மணி நேரம் ஆகும், காலையில் போட்ட பில்களும் போய்விடும். புதியதிலேயே நின்று போராடினோம். கடைசியில் பார்த்தால், குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் முடிவெடுக்கப் பார்க்கும் புள்ளிவிவரங்கள் பழையதிலிருந்து புதியதற்கு வரவே இல்லை. இது ஓடியதும் சரியானது:

```
vacuumdb --all --analyze-in-stages
```

நெல்லைக்காரன்: விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் ரெண்டே நிமிஷம் சார். நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

பழைய டிபிஏ: கவுண்டர் திறக்கும்வரை அது சரி, தம்பி. முதல் பில் விழுந்த பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குப் போனால், அந்த பில்லும் சேர்ந்து அழியும். நாங்கள் பழைய சர்வரை அப்படியே விட்டுவிட்டு, அதன் நகலை வேறு மெஷினில் அப்கிரேடு செய்தோம். ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்பே புதியதிலிருந்து பழையதற்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் கட்டினோம், `copy_data = false` வைத்து. புதியதில் விழும் ஒவ்வொரு பில்லும் பழையதிலும் விழுந்தது.

ஒத்திகையில்தான் ஓட்டை தெரிந்தது. பழையதற்குத் திரும்பியதும் முதல் பில்லே "ஏற்கெனவே உள்ள எண்" என்று நின்றது. ரோக்கள் போகும், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் போகாது. ஒவ்வொன்றையும் `setval` கொண்டு முன்னே தள்ள ஸ்கிரிப்ட் எழுதினோம். பிரைமரி கீ இல்லாத டேபிள்கள் இரண்டு இருந்தன, அவற்றையும் முன்பே சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வாரம் டேபிள் அமைப்பில் யாரும் கை வைக்கவில்லை. அந்த மாற்றம் தானாகப் பழையதற்குப் போகாது.

மருந்துக் கவுண்டர்: டேட்டாபேஸ் எனக்குத் தெரியாதுங்க. சிஸ்டம் நின்ற அன்று நாங்கள் கையால் பில் போட்டோம். மறுநாள் ஏற்றும்போது பாதி எண்கள் இரட்டையாக வந்தன. இப்போது கைபில்லுக்கு என்று தனி எண்வரிசை அச்சடித்து வைத்திருக்கிறோம், சிஸ்டம் அந்த எண்களைத் தொடாது. டிபிஏ மேடம் சொன்னதும் இதே கதைதானே?

பழைய டிபிஏ: ஆமாம், அதே எண் சிக்கல்தான். தனி வரிசை நல்ல ஏற்பாடு.

இரவுப்பணி: மேடம், திரும்பலாம் என்று முடிவெடுத்தது யார்? எங்களுக்கு மீட்க ஆறு மணி நேரம், ஏழுக்குத் திறக்க வேண்டும். அப்படியானால் இரவு ஒரு மணிக்கே சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்க ஆள் இல்லை.

பழைய டிபிஏ: எங்களிடம் ஷிஃப்ட் தலைவருக்கே அந்த அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எத்தனை நாள் பழையதை வைத்திருப்பது என்பதில் இன்றுவரை சண்டைதான். நாங்கள் ஐந்து நாள் வைத்தோம். மாதக் கணக்கு முடிக்கும்வரை வேண்டும் என்று அக்கவுண்ட்ஸ் கேட்டது.